வேலை கிடைக்க எத்தனை மாதம் பிடிக்கும்?



இம்மாதம் கல்குடாவிலிருந்து ஒரு வாசகி கேட்ட கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். யுத்தத்தில் கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். கட்டாரில் ஒரு ஹோட்டலில் நான்கு வருடம் வேலை செய்திருக்கிறார். மூன்று வருடம் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை, கடைசி ஒரு வருடம் அதே பகுதியில் மேற்பார்வையாளர். ஒக்டோபரில் ஊர் திரும்பினார். கையில் இருக்கும் சேமிப்பு ஐந்து மாதச் செலவுக்குப் போதும். “பாசிக்குடா ஹோட்டலொன்றில் மேற்பார்வையாளர் வேலை தேடுகிறேன். எத்தனை மாதம் பார்க்க வேண்டும், அக்கா?” என்பதுதான் கேள்வி.

“முயற்சி செய்யுங்கள், கிடைக்கும்” என்று பதில் சொல்வது சுலபம். ஆனால் ஐந்து மாதத்துக்குப் பிறகு அடுப்பு எரிய வேண்டுமே. ஆகவே இருவரும் ஒரு கொப்பியை எடுத்துக் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். எந்தத் தொழிலுக்கும் இதே முறையில் போடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது, பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் அந்த வேலைக்கு மொத்தம் எத்தனை இடங்கள் இருக்கின்றன என்பது. வெற்றிடங்களை அல்ல, ஆட்கள் இருக்கும் இடங்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஹோட்டல்களில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் கேட்டால் சொல்வார்கள். கணக்குக்காக, ஐம்பது அறை அளவிலான பத்து ஹோட்டல்கள் என்று வைத்துக்கொண்டோம். அப்படியான ஹோட்டலில் அறை சுத்தம் செய்ய எட்டுப் பேர் இருப்பார்கள். மேற்பார்வைக்கு இரண்டு பேர் இருப்பார்கள். ஆக, பத்து ஹோட்டலிலும் அறை வேலைக்கு 80 இடங்கள், மேற்பார்வைக்கு 20 இடங்கள்.

அடுத்தது, ஒருவர் அந்த இடத்தில் சராசரியாக எத்தனை வருடம் நிற்கிறார் என்பது. அறை வேலையில் ஆட்கள் அதிகம் மாறுகிறார்கள். திருமணம், பிள்ளைப்பேறு, வெளிநாட்டுப் பயணம் என்று இரண்டு வருடத்தில் போய்விடுகிறார்கள். அப்படியானால் வருடத்துக்கு 40 வெற்றிடம் வரும். மேற்பார்வையாளர்கள் நான்கு வருடமாவது நிற்கிறார்கள். அதனால் 20 இடத்துக்கும் சேர்த்து வருடத்துக்கு ஐந்து வெற்றிடம்தான் வரும். அந்த ஐந்திலும் மூன்றை ஹோட்டலுக்குள் இருப்பவர்களுக்கே கொடுத்துவிடுகிறார்கள் என்று வைப்போம். வெளியாளுக்கு மிஞ்சுவது வருடத்துக்கு இரண்டு.

மூன்றாவது, ஒரு வெற்றிடத்துக்கு உங்களைப் போல் தகுதியானவர்கள் எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் என்பது. மேற்பார்வைக்கு நான்கு பேர் என்றால், ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு வாய்ப்பு. சராசரியாக நான்கு வெற்றிடம் வரும்வரை காத்திருக்க வேண்டும். வருடத்துக்கு இரண்டு என்றால், அது இரண்டு வருடம். இதுவும் சராசரி மட்டும்தான். முதல் முறையே கிடைப்பவரும் உண்டு. ஆனால் நான்கு முறை முயன்ற பின்னும் கிடைக்காதவர்கள் ஏறக்குறைய மூவரில் ஒருவராக இருப்பார்கள். அவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்லர். கணக்கே அப்படித்தான் இருக்கிறது.

இதனால்தான் பதவி உயர உயரத் தேடும் காலமும் நீள்கிறது. மேலே போகப் போக இடங்கள் குறைவு, இருப்பவர்கள் எழும்புவதும் குறைவு. அனுபவம் கூடினால் வேலை சீக்கிரம் கிடைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அனுபவம் போட்டியில் உங்களை முன்னுக்கு நிறுத்தும். ஆனால் இல்லாத வெற்றிடத்தை அது உண்டாக்காது.

நான்காவது, வருடத்தில் எந்த மாதம் தேடத் தொடங்குகிறீர்கள் என்பது. நம்முடைய கிழக்குக் கரையில் உல்லாசப் பயணிகள் வரும் பருவம் ஏறக்குறைய ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. நவம்பரில் மாரி பிடித்தால் கடல் கலங்கிவிடும், அறைகள் வெறுமையாகிவிடும். ஹோட்டல் சம்பளத்தில் அடிப்படைச் சம்பளத்துடன் சேவைக் கட்டணப் பங்கும் சேர்ந்து வருவதால், அறைகள் வெறுமையாகும்போது கையில் வருவதும் குறைகிறது. பலர் அப்போதுதான் விலகுகிறார்கள். ஆனால் ஹோட்டல்காரர்கள் உடனே ஆள் எடுப்பதில்லை. பருவம் தொடங்குவதற்கு முன், பெப்ரவரி தொடக்கம்தான் எடுக்கிறார்கள். அறை வேலையின் 40 வெற்றிடத்தில் 30 பெப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் வருகிறது என்று வைத்தால், அந்த மாதங்களில் மாதம் ஏழு வெற்றிடம். மற்ற மாதங்களில் மாதம் ஒன்றுதான். ஐந்து முயற்சிக்கு ஒன்று சரிவரும் என்றால், பெப்ரவரியில் தேடுபவருக்கு ஒரு மாதமும், ஒக்டோபரில் தேடுபவருக்கு ஐந்து மாதமும் ஆகும். வேலையும் ஆளும் ஒன்றுதான். நாட்காட்டி மட்டும் வேறு.

இனி அந்தச் சகோதரியின் நிலைமைக்கு வருவோம். அவருடைய சேமிப்பு பெப்ரவரி முடிவோடு தீர்ந்துவிடும். மேற்பார்வையாளர் பதவிக்கு மட்டும் காத்திருந்தால் இரண்டு வருடம் ஆகலாம். அறை வேலையில் மார்ச் அளவில் சேரலாம். ஆனால் சேர்ந்த அன்றே சம்பளம் வராது, மாதம் முடிய வேண்டும். அப்படியென்றால் ஏப்ரல் தொடக்கம் வரை வீட்டுச் செலவுக்கு வழி வேண்டும். ஐந்து மாதப் பணத்தை ஆறு மாதத்துக்கு இழுக்க வேண்டும் என்பதை அவர் ஒக்டோபரிலேயே தெரிந்துகொண்டார். சாப்பாட்டுக் கடையொன்றில் காலை நேரம் மட்டும் வேலை செய்து அந்த ஒரு மாதத்தை ஈடுசெய்யத் தீர்மானித்தார். பணம் முடிந்த பின் தெரிந்திருந்தால் நகை அடகுக்குத்தான் போயிருக்கும்.

ஜனவரி முடியும்வரை மேற்பார்வையாளர் பதவிக்கு விண்ணப்பிப்பது, பெப்ரவரி முதல் அறை வேலையையும் ஏற்றுக்கொள்வது என்று நாள் குறித்தோம். மார்ச்சில் அறை வேலையில் சேர்ந்தார். மேற்பார்வையாளர் பதவி அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. உள்ளே இருப்பதால் அந்த ஹோட்டலின் பதவி உயர்வுக்கும், வெளியே மற்ற ஹோட்டல்களின் வெற்றிடத்துக்கும் அவர் முயலலாம். இப்போதும் காத்திருப்புத்தான், ஆனால் சம்பளத்துடன் காத்திருக்கிறார்.

தேடும் காலத்தைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இடத்தை விரிப்பது. நிலாவெளி, உப்புவெளி, அறுகம்பே ஆகிய இடங்களையும் சேர்த்தால் வெற்றிடம் கூடும். ஆனால் தங்கி வேலை செய்ய வேண்டும், பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மற்றது, போட்டியில் முன்னுக்கு வருவது. வெளிநாட்டில் பழகிய வேலைக்கு இங்கே சான்றிதழ் இல்லாதவர்கள், வகுப்புக்குப் போகாமலே தங்கள் திறமையைச் செய்து காட்டித் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் பெற ஒழுங்கு உண்டு. தொழிற்பயிற்சி நிலையங்களில் விசாரியுங்கள். 2004 சுனாமியிலோ 2006, 2007 இடப்பெயர்விலோ பிறப்புச் சான்றிதழையும் பரீட்சைப் பெறுபேற்றையும் தொலைத்தவர்கள், பிரதி எடுக்கும் வேலையை வெற்றிடம் வருவதற்கு முன்பே முடித்து வையுங்கள். பத்திரம் கைக்கு வரும்போது பருவம் போய்விடக்கூடாது.

அரச வேலைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே வெற்றிடம் இருந்தாலும் அரசு அறிவிக்கும்வரை அது வெற்றிடம் அல்ல. 2017 பெப்ரவரியில் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் தொடங்கிய சத்தியாக்கிரகம் மாதக்கணக்கில் நீண்டதை நீங்கள் அறிவீர்கள். பட்டம் பெற்றுப் பல வருடம் காத்திருந்தவர்கள் அவர்கள். 2020 ஆரம்பத்தில் அரசு பட்டதாரிகளிடம் விண்ணப்பம் கோரியது. நடுவில் பாராளுமன்றத் தேர்தல் வந்ததால் நியமனம் நின்றது. செப்டெம்பரில்தான் பயிலுனர்களாகச் சேர்ந்தார்கள், மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. ஒரு வருடப் பயிற்சி என்றார்கள். நிரந்தர நியமனம் 2022 ஜனவரியில் வந்தது. விண்ணப்பித்த நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டு வருடம்.

ஆகவே அரச வேலை தேடுகிறவர்கள் வர்த்தமானி அறிவித்தல் வந்த நாளிலிருந்துதான் நாள் எண்ணத் தொடங்க வேண்டும். விண்ணப்ப முடிவுத் திகதி, பரீட்சை, பெறுபேறு, நேர்முகப் பரீட்சை, நியமனம் என்று படிகளை எண்ணி, ஒரு வருடத்துக்குக் குறையாமல் வையுங்கள். நடுவில் தேர்தல் தெரிந்தால் இன்னும் கூட்டுங்கள். அறிவித்தல் வராத காலத்தைக் காத்திருப்பு என்று எண்ணி வேறு வேலையை விடாதீர்கள். வயதெல்லையையும் பாருங்கள். நாம் காத்திருக்கும்போது வயது காத்திருப்பதில்லை.

போட்ட கணக்குச் சரியா என்பதைப் பாதி வழியில் பார்த்துக்கொள்ளலாம். விண்ணப்பம் அனுப்பியும் அழைப்பே வரவில்லை என்றால், வெற்றிடம் இல்லை அல்லது கேட்கும் தகுதி நம்மிடம் இல்லை. இடத்தையோ பதவியையோ மாற்ற வேண்டும். அழைப்பு வந்து நேர்முகத்தோடு நிற்கிறது என்றால் தேடும் இடம் சரி, பேசும் விதத்தையும் கேட்கும் சம்பளத்தையும் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் ஒரேயடியாக நின்றுபோகும் காலமும் உண்டு. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் பருவம் தொடங்கும் நேரத்திலேயே நடந்தன. அடுத்த வருடம் கொரோனா வந்தது. அப்படியான வருடத்தில் வேலை கிடைக்காதவர் தன்னைத்தானே நோக வேண்டியதில்லை. பழைய கணக்கை ஒதுக்கிவிட்டு, வேறு தொழிலுக்குப் புதிதாகப் போட வேண்டும்.

கொப்பியில் எழுத வேண்டியவை நான்குதான்: மொத்த இடங்கள், ஒருவர் நிற்கும் வருடங்கள், போட்டியாளர் எண்ணிக்கை, ஆள் எடுக்கும் மாதங்கள். பக்கத்தில் உங்கள் சேமிப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்பதை எழுதுங்கள். தேடும் காலம் சேமிப்பை விட நீளமாக இருந்தால், முதலில் கைச்செலவுக்கு ஒரு வேலை, பிறகு விரும்பிய வேலை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எந்தத் திகதியில் முதலாவதை ஏற்றுக்கொள்வீர்கள் என்பதையும் அதே பக்கத்தில் இன்றே குறித்து வையுங்கள்.