காசநோய் மாத்திரை, மஞ்சள் கண்: மருந்தே கல்லீரலைத் தாக்குவது எப்படி?

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம், கண் மஞ்சளானால் ஒரு நாள்கூட தள்ளிப்போடக் கூடாது. ஏன் இந்த வித்தியாசம்?

மந்தைவெளியில் நண்பர்களோடு வாடகை வீட்டில் இருக்கும் 29 வயது இளைஞர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். தினமும் பறக்கும் ரயிலில் தரமணிக்கு வேலைக்குப் போகிறவர். மூன்று வாரமாக இருமல் நிற்காததால் சளிப் பரிசோதனை செய்கிறார், காசநோய் உறுதியாகிறது. அரசு மையத்தில் இலவசமாக மாத்திரை தருகிறார்கள். ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எத்தாம்புடால் என நான்கு மருந்தும் ஒன்றாகச் சேர்ந்த மாத்திரை அது. முதல் இரண்டு மாதம் இந்த நான்கு, அடுத்த நான்கு மாதம் பைரசினமைட் இல்லாமல் மூன்று.

முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறமாகிறது. "ரிஃபாம்பிசினால அப்படித்தான் போகும்" என்று மையத்தில் முன்பே சொல்லியிருந்ததால் அவர் அலட்டிக்கொள்ளவில்லை. ஐந்தாவது வாரம் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல் வருகிறது, உடம்பு அசதியாக இருக்கிறது. மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நான்கு நாள் ஓட்டுகிறார், மாத்திரையை மட்டும் விடாமல் போடுகிறார். கடைசியில் அறை நண்பர்தான் கவனித்துக் கேட்கிறார்: "டேய், உன் கண்ணு ஏன்டா மஞ்சளா இருக்கு?"

அந்த நான்கு நாள்தான் இந்தக் கதையில் ஆபத்தான பகுதி.

இது எவ்வளவு பரவலான பிரச்சினை?

மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பு என்றாலே மேற்கத்திய நாடுகளில் முதலில் நினைவுக்கு வருவது பாராசிட்டமால். இந்தியாவில் நிலைமை வேறு. பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப் பாதிக்கப்பட்ட 1,288 நோயாளிகள் கணக்கில் எடுக்கப்பட்டனர். அளவு மீறிச் சாப்பிட்டதால் வந்த பாதிப்புகள் இதில் சேராது. அவர்களில் சுமார் 46 சதவீதம் பேருக்குக் காரணம் காசநோய் மருந்துகள். அடுத்த இடத்தில் நாட்டு மருந்து, மூலிகை மருந்து போன்றவை, சுமார் 14 சதவீதம். பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 12 சதவீதம் பேர் இறந்துவிட்டார்கள்.

இதற்குச் சென்னையோடு ஒரு தொடர்பும் உண்டு. காசநோய் என்றால் சானடோரியத்தில்தான் படுக்க வேண்டும் என்று இருந்த காலத்தில், 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட ஆய்வு மையம் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டால் போதாதா என்று சோதித்துப் பார்த்தது. 1959-ல் வெளியான முடிவில், வீட்டில் சிகிச்சை பெற்றவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு குணமடைந்திருந்தார்கள். அதன் பிறகு உலகமே வீட்டுச் சிகிச்சைக்கு மாறியது. ஆனால் வீட்டில் நர்ஸ் கிடையாது. கண் மஞ்சளாவதை முதலில் பார்க்க வேண்டியது நோயாளியும் கூட இருப்பவர்களும்தான்.

நேரடி நச்சு என்றால் என்ன?

மருந்து கல்லீரலைக் கெடுக்கும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. முதலாவது நேரடி நச்சு. அளவு மீறினால் யாராக இருந்தாலும் பாதிப்பு வரும். இதற்குச் சரியான உதாரணம் பாராசிட்டமால்.

பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் சிக்கலில்லாமல் வெளியேற்றிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுப் பொருளாக மாறும். குளூட்டாதயோன் என்ற பொருள் அதைப் பிடித்து அடக்கிவிடும். மருந்து அதிகமாகப் போனால் குளூட்டாதயோன் கையிருப்பு தீர்ந்துபோகும், மிஞ்சிய நச்சு கல்லீரல் செல்களைக் கொல்லும். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளைய உச்ச வரம்பு 4 கிராம். 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். அதற்கு மேல் ஜலதோஷ மாத்திரை ஒன்று போட்டால், அதிலும் பாராசிட்டமால் இருக்க வாய்ப்பு அதிகம், வரம்பு தாண்டிவிடும்.

இந்த வகையில் பாதிப்பு சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் தொடங்கிவிடும். ஆனால் முதல் நாள் லேசான குமட்டல் தவிர எதுவும் தெரியாமல் போகலாம். அதிக அளவு விழுங்கியவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து குளூட்டாதயோன் கையிருப்பை மீண்டும் நிரப்பும். முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பெரும்பாலும் கல்லீரலைக் காப்பாற்றிவிடலாம்.

அப்படியென்றால் காசநோய் மருந்து?

அது இரண்டாவது வகை. இதை 'இடியோசின்கிரட்டிக்' பாதிப்பு என்கிறார்கள், ஆளைப் பொறுத்தது என்று புரிந்துகொள்ளலாம். சரியான அளவில் போட்டாலும் ஒருவருக்கு வரும், பக்கத்தில் இருப்பவருக்கு வராது. ஆரம்பித்த சில நாளிலும் வரலாம், சில மாதம் கழித்தும் வரலாம். யாருக்கு வரும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது.

ஐசோநியாசிட்டில் இதற்கு ஒரு பகுதி விளக்கம் கிடைத்திருக்கிறது. இந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் ஒரு நொதி சிலருக்குப் பிறவியிலேயே வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்கிறது. சேத்துப்பட்டு மையத்தின் ஆரம்பகால ஆய்வுகளிலேயே இந்த இரு பிரிவினரும் கவனிக்கப்பட்டார்கள். மெதுவாக வெளியேற்றுபவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வரும் வாய்ப்பு கூடுதல். வயது, மதுப்பழக்கம், சத்துக்குறைவு, ஏற்கெனவே உள்ள ஹெபடைட்டிஸ் பி தொற்று ஆகியவையும் ஆபத்தைக் கூட்டும். ஆனால் இவை எதுவும் இல்லாதவருக்கும் வரலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐசோநியாசிட் சாப்பிடுபவர்களில் பத்தில் ஒருவருக்கு அல்லது அதற்கும் மேற்பட்டோருக்கு எஸ்.ஜி.பி.டி. அளவு லேசாக ஏறி, மருந்தை நிறுத்தாமலே தானாக இறங்கிவிடும். அதனால் எண் கொஞ்சம் ஏறியவுடனே மாத்திரையை நிறுத்துவதும் தவறுதான்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்க்கிறார்கள்?

மந்தைவெளி இளைஞரின் ரிப்போர்ட் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எஸ்.ஜி.பி.டி. 480 (இயல்பு உச்சம் 40), அல்கலைன் பாஸ்படேஸ் 150 (இயல்பு உச்சம் 120), பிலிரூபின் 4.2 (இயல்பு உச்சம் 1.2).

எஸ்.ஜி.பி.டி. கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் பொருள். செல் உடைந்தால் ரத்தத்தில் ஏறும். அல்கலைன் பாஸ்படேஸ் பித்தம் ஓடும் பாதையோடு தொடர்புடையது. பித்தம் தேங்கினால் ஏறும். இரண்டும் இயல்பைவிட எத்தனை மடங்கு ஏறியிருக்கின்றன என்று பார்த்து, முதலாவதை இரண்டாவதால் வகுக்கிறார்கள். இவருக்கு எஸ்.ஜி.பி.டி. 12 மடங்கு, அல்கலைன் பாஸ்படேஸ் 1.25 மடங்கு. 12-ஐ 1.25-ஆல் வகுத்தால் 9.6.

விடை 5 அல்லது அதற்கு மேல் வந்தால் செல் சிதையும் வகை. 2 அல்லது அதற்குக் கீழ் வந்தால் பித்தம் தேங்கும் வகை. இடையில் இருந்தால் கலப்பு. ஐசோநியாசிட், பைரசினமைட் இரண்டும் பெரும்பாலும் செல் சிதையும் வகையையே உண்டாக்கும். அளவு மீறிய பாராசிட்டமாலும் அப்படித்தான், ஆனால் அதில் எஸ்.ஜி.பி.டி. பல ஆயிரங்களுக்குப் போகும்.

பித்தம் தேங்கும் வகைக்குத் தெரிந்த உதாரணம் அமாக்சிசிலின்–கிளாவுலனேட் ஆன்டிபயாட்டிக். இதில் முக்கியமான அறிகுறி தூங்கவிடாத அரிப்பு. மலம் வெளுத்துப் போகும். கோர்ஸ் முடிந்து சில வாரம் கழித்துக்கூட மஞ்சள் காமாலை வரலாம் என்பதால், "இப்போ எந்த மாத்திரையும் சாப்பிடலையே" என்று பலர் டாக்டரிடம் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். உடம்பு ஏற்றுவதற்காக ஜிம்களில் எடுக்கப்படும் அனபாலிக் ஸ்டீராய்டுகளும் இதே வகையில் பித்தத்தைத் தேக்கும்.

எது அதிக ஆபத்து?

செல் சிதையும் வகையோடு மஞ்சள் காமாலையும் சேர்ந்தால் ஆபத்து கூடுதல். ஹைமன் சிம்மர்மேன் என்ற அமெரிக்கக் கல்லீரல் நிபுணர் கவனித்துச் சொன்ன விதி இது. எஸ்.ஜி.பி.டி. 3 மடங்குக்கு மேல், பிலிரூபின் 2 மடங்குக்கு மேல், வேறு காரணமும் இல்லை என்றால், ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறக்கவோ கல்லீரல் மாற்று தேவைப்படவோ கூடும். மந்தைவெளி இளைஞர் இந்த எல்லையைத் தாண்டிவிட்டார்.

ஆனால் 'வேறு காரணமும் இல்லை' என்பதைச் சும்மா சொல்லிவிட முடியாது. மருந்துதான் குற்றவாளி என்று நேரடியாகக் காட்டும் ஒற்றை ரத்தப் பரிசோதனை கிடையாது. கெட்டுப்போன தண்ணீரால் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ, இ கிருமிகளும் இதே போன்ற ரிப்போர்ட்டைத் தரும். அவற்றையும் ஹெபடைட்டிஸ் பி, சி, பித்தக்குழாய் அடைப்பு ஆகியவற்றையும் சோதித்து விலக்கிய பிறகுதான் பழி மருந்தின் மேல் விழும்.

அடுத்து என்ன செய்வார்கள்?

அறிகுறி இருந்து எஸ்.ஜி.பி.டி. 3 மடங்கு தாண்டினாலோ, அறிகுறி இல்லாவிட்டாலும் 5 மடங்கு தாண்டினாலோ, மஞ்சள் காமாலை வந்தாலோ டாக்டர் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட் மூன்றையும் நிறுத்துவார். எத்தாம்புடால் கல்லீரலைத் தொடுவது அரிது. நோய் தீவிரமாக இருந்தால் அதோடு கல்லீரலுக்குப் பாதுகாப்பான வேறு மருந்துகளைச் சேர்த்துச் சமாளிப்பார்கள்.

எண்கள் இறங்கிய பிறகு மருந்துகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுப்பார்கள். வழக்கமாக முதலில் ரிஃபாம்பிசின், சில நாள் கழித்து ரத்தம் பார்த்துவிட்டு ஐசோநியாசிட். எதைச் சேர்த்தபோது எண் மறுபடி ஏறுகிறதோ, அதுதான் காரணம். பாதிப்பு கடுமையாக இருந்தவர்களுக்குப் பைரசினமைட்டைத் திரும்பத் தராமலே விட்டுவிடுவது உண்டு. அப்போது ஆறு மாதச் சிகிச்சை ஒன்பது மாதமாக நீளும்.

இங்கே நோயாளிகள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். சிலர் குமட்டலோடும் மஞ்சள் கண்ணோடும் மாத்திரையைத் தொடர்வார்கள். வேறு சிலர் யாரிடமும் சொல்லாமல் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருந்து தேடிப் போவார்கள். முதல் தவறில் கல்லீரல் செயலிழக்கலாம். இரண்டாவதில் காசநோய் மீண்டும் பெருகும், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகவும் மாறலாம். கூடவே, தெரியாத ஒரு மருந்து உள்ளே போனால் எது காரணம் என்று கண்டுபிடிப்பதும் சிக்கலாகிவிடும்.

ஆரஞ்சு சிறுநீரையும் காமாலையையும் எப்படிப் பிரிப்பது?

ரிஃபாம்பிசின் தரும் நிறம் முதல் நாளிலிருந்தே இருக்கும், மாத்திரை போட்ட சில மணி நேரம் அடர்த்தியாகவும் பிறகு வெளிறியும் தெரியும். கண்ணின் வெள்ளைப் பகுதி வெள்ளையாகவே இருக்கும், பசியும் குறையாது. காமாலையில் சிறுநீர் நாள் முழுக்கக் கறுத்த டீ நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும். இதில் வம்பு என்னவென்றால், ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்குச் சிறுநீர் நிறத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதனால் பகல் வெளிச்சத்தில் கண்ணைப் பார்ப்பதே நம்பகமானது.

கண் மஞ்சளாவதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடும். காரணமில்லாமல் பசி அற்றுப்போவது, குமட்டல், வலது விலாவுக்குக் கீழே வலி, விளங்காத அசதி. காசநோய் மாத்திரை சாப்பிடுபவருக்கு இவற்றில் ஏதாவது வந்தால், அடுத்த வேளை மாத்திரையைப் போடுவதற்கு முன்பே சிகிச்சை மையத்தைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். தொடர்வதா நிறுத்துவதா என்பதை அன்றே எடுக்கும் ரத்தப் பரிசோதனை முடிவு செய்யும். மந்தைவெளி இளைஞர் மெஸ் சாப்பாட்டின் மேல் பழி போட்ட முதல் நாளே கூப்பிட்டிருந்தால், அந்த நான்கு நாள் மாத்திரையும் கல்லீரலுக்குள் போயிருக்காது.