தரம் வேறு, நிலை வேறு

ஒரு சொல்லைத் தவறாக மொழிபெயர்த்ததால் என் தோழி ஒருத்தி சென்ற ஆண்டு தன் கருப்பையை இழக்கவிருந்தாள்.

அவளும் என்னைப் போலவே தில்லியில் முனைவர்பட்ட ஆய்வாளர். வயது 34, இரண்டு குழந்தைகள். கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றவள், ஒரு தனியார் மருத்துவமனையில் முதன்முறையாகப் பாப் ஸ்மியர் எடுத்துக்கொண்டாள். அறிக்கையில் 'எல்.எஸ்.ஐ.எல்' என்று இருந்தது. அதைக் கையில் கொடுத்தவர், "புற்றுநோயின் முதல் நிலை" என்று தமிழில் விளக்கினார். மருத்துவரோ, "குழந்தைகள் பிறந்துவிட்டன, கருப்பையை எடுத்துவிடலாமே" என்றார். வீட்டார் அறுவைக்கு நாள் குறித்துவிட்டனர். கலைச்சொல்லாக்கம் என் ஆய்வுத் துறை என்பதால் அன்றிரவு என்னை அழைத்து, "அந்த நான்கு எழுத்துக்கு உண்மையில் என்னதான் பொருள்?" என்று கேட்டாள்.

நான் மருத்துவர் அல்லள். ஆயினும் அந்தக் கேள்வி மருத்துவத்துக்கு எவ்வளவு உரியதோ, அவ்வளவு மொழிக்கும் உரியது. ஆங்கிலத்தில் 'கிரேடு' என்றும் 'ஸ்டேஜ்' என்றும் இரண்டு சொற்கள் உள்ளன. ஸ்டேஜ் என்பது ஏற்கெனவே உண்டாகிவிட்ட புற்றுநோய் உடலில் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதன் அளவு. இங்கே பேசப்படும் கிரேடு, புற்றுநோய் ஆகாத செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியுள்ளன என்பதன் அளவு. தமிழில் நாம் இரண்டுக்கும் 'நிலை' என்றே எழுதிவருகிறோம். தாழ்ந்த கிரேடு 'முதல் நிலை' ஆகிறது; முதல் நிலை என்றவுடன் கேட்பவர் காதில் புற்றுநோய் என்றே விழுகிறது.

அந்தச் சுருக்கத்தை விரித்தால் கிடைப்பது: தட்டைச் செல்களில், மேற்படலத்துக்குள்ளேயே அமைந்த, தாழ்தர மாற்றம். இதில் 'உள்ளேயே' என்பதே உயிர்ச்சொல். கருப்பை வாயைப் போர்த்தியிருக்கும் மேற்படலத்தின் அடியில் ஓர் அடிச்சவ்வு உண்டு. மாறிய செல்கள் அதைத் துளைத்து இறங்கினால்தான் அது ஊடுருவும் புற்றுநோய். சவ்வுக்கு மேலே இருக்கும்வரை எந்தத் தரமானாலும் அது புற்றுநோய் அன்று. நம் மொழிபெயர்ப்பு அந்த ஒரு சொல்லையே விழுங்கிவிட்டது.

இனி, மாற்றம் எவ்வாறு நேர்கிறது? எச்.பி.வி என்னும் வைரஸ் நுண்ணிய கீறல்கள் வழியே மேற்படலத்தின் அடியடுக்குச் செல்களை அடைகிறது. கருப்பை வாயில் இருவகைச் செல்கள் சந்தித்து ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டிருக்கும் வளையமே அதற்கு எளிய வாயில். அடியில் பிறக்கும் செல்கள் முதிர்ந்து மேலேறும்போது வைரஸும் உடன் ஏறித் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. அவ்வாறு மேலே வந்த செல்லின் உட்கரு பருத்து, அதைச் சுற்றி ஒரு வெற்று வளையம் தெரியும். தாழ்தரம் என்பது பெரும்பாலும் இதுவே: நடப்பிலுள்ள தொற்றின் அடையாளம். எச்.பி.வி தொற்றுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதை உடலின் எதிர்ப்பாற்றலே இரண்டு ஆண்டுகளுக்குள் அடக்கிவிடுகிறது.

எஞ்சிய சிலரிடம் தொற்று ஆண்டுக்கணக்கில் நிலைத்துவிடுகிறது. 16, 18 என எண்ணிடப்பட்ட வகைகள் இதில் முதன்மையானவை. அப்போது வைரஸின் ஈ6, ஈ7 என்னும் இரு புரதங்கள், செல் கட்டின்றிப் பிரிவதைத் தடுக்கும் காவற்புரதங்களை முடக்குகின்றன. செல்கள் முதிராமலே பெருகி மேற்படலத்தின் முழுத் தடிமனையும் நிரப்பத் தொடங்குகின்றன. இதுவே உயர்தரம், அறிக்கையில் 'எச்.எஸ்.ஐ.எல்'. இதுவும் சவ்வுக்கு மேலேதான். ஆனால் இதைக் கவனியாது விடலாகாது.

ஏன் விடலாகாது என்பதற்கு வரலாறு கொடிய சான்று வைத்திருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில், தேசிய மகளிர் மருத்துவமனையில், ஹெர்பர்ட் கிரீன் என்னும் மருத்துவர் இத்தகைய உயர்தர மாற்றம் புற்றுநோயாக மாறாது என்று நம்பினார். 1966 முதல் பல பெண்களுக்கு, அவர்கள் அறியாமலே, முழுமையான சிகிச்சை தராமல் கண்காணித்து மட்டும் வந்தார். 1987இல் இரு பெண்கள் எழுதிய இதழ்க் கட்டுரை இதை வெளிக்கொணர, அரசு விசாரணை நடந்தது. 2008இல் வெளியான ஆய்வு கணக்கைச் சொன்னது: சிகிச்சை பெறாதவர்களில் 30 ஆண்டுகளில் 31 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் வந்தது, முறையான சிகிச்சை பெற்றோரில் அது 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

தாழ்தரத்தைப் புற்றுநோய் என்பது ஒரு பிழை; உயர்தரத்தை ஒன்றுமில்லை என்பது மறு பிழை. இரண்டுக்கும் 'நிலை' என்ற ஒரே சொல்லை நீட்டுகிறவர்கள் இரு பிழைகளுக்கும் வழி திறந்துவைக்கிறார்கள்.

இதை ஒரு கருத்தரங்கில் சொன்னபோது பொதுச் சுகாதாரம் பயிலும் நண்பர் மறுத்தார்: "நுட்பம் பேசினால் மக்களுக்குப் புரியாது. புற்றுநோய் என்றால்தான் மறுபடி வருவார்கள்." கற்றவர்களின் இந்த இரக்கத்தை நான் அஞ்சுகிறேன். அச்சத்தால் வருகிறவர் தேவையற்ற அறுவைக்கும் தலையசைப்பார். அடுத்த வீட்டுப் பெண்ணோ அதைக் கண்டு சோதனைக்கே வரமாட்டார். அன்றியும், தாழ்தரத்துக்கே புற்றுநோய் என்ற சொல்லைச் செலவழித்துவிட்டால், உயர்தரம் வரும் நாளில் சொல்ல நம்மிடம் என்ன சொல் இருக்கும்?

தோழியின் வீட்டில் இன்னொரு கேள்வியும் எழுந்தது: "இந்தக் கிருமி யாரிடமிருந்து வந்தது?" பாலுறவு கொண்டோரில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் அடையும் தொற்று இது. பல்லாண்டு உறங்கிக் கிடந்து பின்னர் வெளிப்படவும் கூடும். எந்த ஆண்டில், எவரிடமிருந்து என்பதை எந்தச் சோதனையாலும் கூற இயலாது. அறிக்கை செல்களைப் பற்றியது, ஒழுக்கத்தைப் பற்றியது அன்று.

தில்லி திரும்பிய அவள் வேறொரு மகப்பேறு மருத்துவரைக் கண்டாள். ஸ்மியர் என்பது உதிர்ந்த செல்களைப் பார்ப்பது. மேற்படலத்தின் அடுக்குகளை அது காணாது. தாழ்தர ஸ்மியரின் பின்னே சிலரிடம் உயர்தர மாற்றம் ஒளிந்திருக்கலாம். ஆகவே அடுத்தது கால்போஸ்கோப்பி என்றார் அவர். நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவியதும் ஓரிடம் வெளுத்தது. அங்கிருந்து இரண்டு சிறு துணுக்குகள் பயாப்சிக்குச் சென்றன. மேற்படலத்தின் அடி மூன்றிலொரு பங்கில் மட்டுமே மாற்றம் இருந்தது. அறுவை இல்லை, மாத்திரை இல்லை; ஓராண்டு கழித்து எச்.பி.வி சோதனை. சென்ற மாதம் அந்த முடிவு வந்தது: தொற்று இல்லை. ஒருவேளை உயர்தரமாகவே இருந்திருந்தாலும், மின்கம்பி வளையத்தால் அப்பகுதியை மட்டும் நீக்குவதே பொதுவான முதல் சிகிச்சை. கருப்பை அகற்றம் அன்று.

என் கோரிக்கை சிறியது. அறிக்கையின் சுருக்கெழுத்துக்குக் கீழே ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு தமிழ் வாக்கியம் அச்சிடுங்கள். மருத்துவர்கள் திருத்தட்டும், தமிழ்த்துறைகள் செப்பனிடட்டும். என் வரைவு இது:

என்.ஐ.எல்.எம்: மாற்றம் தென்படவில்லை, ஸ்மியர் சிலவற்றைத் தவறவிடும் என்பதால் மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் மீண்டும் சோதிக்க வேண்டும்.

ஆஸ்கஸ்: செல்கள் ஐயத்துக்குரியவை, எச்.பி.வி சோதனை வழிகாட்டும்.

எல்.எஸ்.ஐ.எல்: தாழ்தர மாற்றம், புற்றுநோய் அன்று, பெரும்பாலும் தானே மறையும், கால்போஸ்கோப்பியில் உறுதிசெய்க.

எச்.எஸ்.ஐ.எல்: உயர்தர மாற்றம், விட்டால் புற்றுநோயாகலாம், தாமதமின்றிக் கால்போஸ்கோப்பியும், உறுதியானால் சிகிச்சையும் தேவை.

'நிலை' என்ற சொல்லைப் புற்றுநோய்க்கே விட்டுவிடுவோம்.