ஒரு புடவைக்கு மூன்று ஊர் எதற்கு?

விற்பனைப் பொருளின் தலைப்பில் ஒரு வார்த்தை இரண்டு முறைக்கு மேல் வரக் கூடாது. தலைப்பு 200 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. 2025 ஜனவரி 21 முதல் அமேசான் கொண்டுவந்த இந்த விதியை விற்பனையாளர்கள் பலர் இன்னும் திட்டித் தீர்க்கிறார்கள். என் வருத்தம் வேறு: இந்த விதி போதாது.

ஆனேக்கல் தறியில் நெய்த பட்டுப் புடவையை இணையத்தில் ஏற்றும்போது எப்படித் தலைப்பிடுகிறார்கள்? ‘பெண்களுக்கான காஞ்சிபுரம் பனாரஸ் மைசூர் சில்க் சாரி, புதிய டிசைனர் சாரி, திருமண சாரி, பார்ட்டிவேர்’. ‘சாரி’ மூன்று முறை வருகிறது. ஊர்களும் மூன்று, நெய்த ஊர் மட்டும் இல்லை. நீளம், நிறம், பிளவுஸ் துணி உண்டா என்ற விவரம், எதுவும் இல்லை. கைப்பேசித் திரையில் தலைப்பின் தொடக்கம்தான் தெரியும். அதையும் வெற்றுச் சொற்கள் தின்றுவிடுகின்றன.

“இப்படிப் போட்டால்தான் தேடலில் வரும்” என்பது இவர்களின் ஒரே வாதம். சோம்பேறித்தனத்துக்குச் சூட்டிய நல்ல பெயர் அது. மாற்றுச் சொற்களை இடுவதற்கென்றே தேடல் சொற்களுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. நிறம், துணி, நீளம் ஆகியவற்றுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. வாங்குபவர் ‘பச்சை’ என்று வடிகட்டும்போது நிறக் கட்டம் காலியாக இருந்தால், தலைப்பில் எத்தனை அலங்காரம் இருந்து என்ன பயன்?

அந்த மூன்று ஊர்ப்பெயர்கள் இரைச்சல் மட்டுமல்ல, பொய். காஞ்சிபுரம் பட்டு, மைசூர் சில்க், பனாரஸ் புடவை மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. வேறு இடத்தில் நெய்த புடவைக்கு அந்தப் பெயரைச் சூட்டுவது 1999ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறுவதாகும். தேடலுக்கான பெட்டியில் ஒளித்து வைத்தாலும் பொய் பொய்தான்.

அதே புடவைக்குத் தலைப்பு இப்படி இருக்கலாம்: ‘[பிராண்டு] பெண்கள் பட்டுப் புடவை, பிளவுஸ் துணியுடன், 6.3 மீட்டர், மயில்கழுத்து நீலம்’. முதலில் பிராண்டு, அடுத்து வகை, பிறகு அளவு, கடைசியில் நிறம். புடவை 5.5 மீட்டர், பிளவுஸ் துணி 0.8 மீட்டர் என்ற பிரிவை விவரத்தில் எழுதலாம். சொந்த பிராண்டு இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் ‘Generic’ என்று இடவேண்டும். பிரபல பிராண்டின் பெயரைக் கடன் வாங்கக் கூடாது. ஐந்து நிறங்கள் இருந்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் அதன் பெயரோடு தனித் தலைப்பு வேண்டும். செயற்கைப் பட்டு என்றால் ‘ஆர்ட் சில்க்’ என்று வகையிலேயே சொல்லிவிட வேண்டும். அசல் பட்டுக்கு மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004இல் தொடங்கிய சில்க் மார்க் முத்திரை இருக்கிறது. அதன் படத்தைக் காட்டலாம்.

எழுத்துகளை எண்ணுவதோடு இணையச் சந்தைகள் நின்றுவிடக் கூடாது. புவிசார் பெயரைத் தலைப்பில் இடுபவரிடம் சான்று கேட்கட்டும். இல்லையென்றால் அந்தப் பக்கத்தை முடக்கட்டும். அப்படிச் செய்தால், ஆனேக்கல் தன் பெயரிலேயே புடவை விற்கும் நாள் வந்தே தீரும்.