இருட்டில் கடந்துபோன கல்

பயணக் காணொளியில் வரும் வியப்பு நிஜமா நடிப்பா என்று அறிய, கமெரா எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். ஒருவர் திருக்கோணேச்சரத்துக்கு ஏறுகிறார். சுவாமிமலை விளிம்பில் கடலை முதன்முறையாகக் கண்டு வாய்பிளக்கிறார். அந்த முகத்தை நேர் முன்னாலிருந்து படம்பிடித்திருக்கிறார்கள். அப்படியானால் அவர் முன்பே மேலே போய் கமெராவை நிறுத்திவிட்டு, இறங்கி, மறுபடி ஏறி வந்திருக்கிறார். பார்ப்பவர் இப்படியெல்லாம் கணக்குப் போடுவதில்லை. ஆனாலும் எங்கோ உறுத்துகிறது. இதில் வெறுத்துப்போய்த்தான் பலர், திட்டமே கூடாது, கமெராவைத் தூக்கிக்கொண்டு போனால் வருவது வரட்டும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இடம், நேரம், வெளிச்சம், எதற்குப் பின் எது என்ற வரிசை இவற்றை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பேச்சையும் முகத்தையும் தீர்மானிக்கும்போதுதான் காரியம் கெடுகிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் அன்றைய ஊர்க்கதையை அத்தனை சரளமாக இழுத்துவர முடிவது, அடுத்து யார் திரையை விலக்கிக்கொண்டு வருவார் என்று அவனுக்குத் தெரிந்திருப்பதால்தான்.

திருமலையிலேயே ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொள்வோம். காணொளிக்காரர்கள் ‘பீட்’ என்று சொல்லும் கட்டங்களை ஒரு தாளில் எழுத வேண்டும். வழிகாட்டிப் புத்தகம் போல கோட்டை, மான்கள், கோயில், இராவணன் வெட்டு என்று எழுதினால் அது வெறும் பட்டியல். எந்தக் கட்டத்தை எடுத்துவிட்டாலும் எதுவும் குறையாது. கட்டங்களைக் கோக்க ஒரு கேள்வி வேண்டும்: 1622இல் போர்த்துக்கீசர் இடித்த பழைய கோயிலின் கற்கள் எங்கே? இதை எழுதியவுடன் வரிசை தானாக அமைகிறது. இது கிழக்குக் கரை, சூரியன் கடலிலிருந்து எழும். ஆகவே அரையிருட்டில் பிரட்றிக் கோட்டை வாசலைக் கடந்து மேலே போய்விட வேண்டும். விளிம்பில் நிற்கும்போது கேள்விக்கு முதல் பாதி விடை: கற்களில் ஒரு பகுதி கீழே கடலுக்குள் கிடக்கிறது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இங்கே மூழ்கிப் பார்த்து எழுதிய பிறகு வெளியுலகமும் அதை அறிந்தது. மறு பாதி விடை, இறங்கிவரும் வழியில் கோட்டை வாசலிலேயே இருக்கிறது. இடித்த கற்களைக் கொண்டுதான் கோட்டை எழுந்தது. வாசல் கல்லொன்றில் இரட்டைக் கயல் செதுக்கியிருக்கிறது. காலையில் இருட்டில் அதை உரசிக்கொண்டு போனவர்கள்தான் நாம். மேலோட்டமான அந்தச் செதுக்கல், வெயில் சாய்வாக விழுந்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும். முதலில் வாசலைக் காட்டியிருந்தால் அது வெறும் தகவல். கேள்வி பிறந்தபின் காட்டும்போது கண்டுபிடிப்பு.

இது ஏமாற்றில்லையா, கல் அங்கே இருப்பது எடுப்பவருக்கு முதலே தெரியுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தெரியாதது போல நடித்தால் ஏமாற்று. “விடியக்காலமை இதைத் தாண்டித்தான் போனோம், இருட்டில் காட்ட ஏலாது” என்று சொல்லிவிட்டால் மறைக்க ஒன்றுமில்லை. எடுத்த வரிசையிலேயே காட்டினால் இன்னொரு தொல்லையும் தீர்ந்தது. வரிசையை மாற்றி ஒட்டுபவர்களை வியர்வையில் நனைந்த சட்டையும் திசைமாறிய நிழலும் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாவற்றையும் எடுத்துக் குவித்துவிட்டுத் தொகுக்கும்போது கதையைத் தேடிக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு. மணிக்கணக்கில் எடுத்திருப்பார்கள்; ஆனால் மலையிலிருந்து வாசலுக்கு இறங்கும் கால்கள் ஒரு பத்து வினாடி இருக்காது. அந்த இணைப்பு இல்லாமல் ஆள் இங்கிருந்து அங்கே பறந்ததுபோல் இருக்கும். அதனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே கட்டாயம் எடுக்க வேண்டிய ஒரேயொரு காட்சியை மட்டும் எழுதிக்கொண்டால் போதும். நான்கு ஐந்து எழுதினால் அதைச் சரிபார்ப்பதிலேயே காலை போய்விடும்.

மிச்சத்தைக் காலியாக விடவேண்டும். ஆனால் அந்தக் காலியிடத்துக்கும் நேரம் ஒதுக்க வேண்டும், இதைத்தான் பெரும்பாலோர் மறக்கிறார்கள். கோட்டைக்குள் திரியும் மான்களுக்கும் கோயில் வழிக் கடைகளுக்கும் அரைமணி நேரம், ஒரு வரிகூட எழுதாமல். மான் வரலாம், வராமலும் போகலாம். கேள்வி இருப்பதால் காணொளி அதை நம்பியில்லை. கடைக்காரரிடம் அனுமதியை முன்பே கேட்க வேண்டும், கதையைக் கேட்கக்கூடாது. முதல் தடவை சொல்லும்போது கை எழும், நடுவில் தடுமாறுவார், தன்னையே திருத்திக்கொள்வார். இரண்டாம் தடவை அதையெல்லாம் சுருக்கி ஒப்பிப்பார். அவராக ஆரம்பித்தால், “ஐயா, கொஞ்சம் பொறுங்கோ, கமெராவைப் போட்ட பிறகு சொல்லுங்கோ” என்று தடுத்துவிடுவதே நல்லது. கோட்டைக்குள் இராணுவம் இருப்பதால் எங்கே எடுக்கக்கூடாது என்பதையும் முதல் நாளே விசாரித்துவைக்க வேண்டும். பேச்சு நடுவில் காவலர் கையைக் காட்டி மறித்தால் அந்தக் கதை திரும்ப வராது. ஆண்டின் நடுவில் கச்சான் காற்று வீசும் மாதங்களில், மைக்குக்குப் பஞ்சுறை போட்டாலும் மலை விளிம்பில் பேசியது பாதி கேட்காது. அங்கே ஒன்றும் பேசாமல் கடலை மட்டும் எடுத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை வாசற்கல் அருகில் மதிலின் மறைவில் சொல்லலாம்.