பாஸ் பர்சன்டேஜ் மட்டும் போதுமா? பள்ளி தனக்குத்தானே மார்க் போடும் 'ஷாலா சித்தி'... உள்ளே என்ன இருக்கிறது?

மே மாதம் ரிசல்ட் வந்ததும் சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் ரோட்டோரம் ஃபிளெக்ஸ் முளைத்துவிடும். போட்டோ, மார்க், பக்கத்தில் '100% தேர்ச்சி'. பெற்றோரும் அட்மிஷனுக்குப் போனால் முதலில் கேட்பது "ரிசல்ட் எவ்ளோங்க?" என்றுதான். ஆனால் அரசின் தர மதிப்பீட்டுப் படிவத்தில் ரிசல்ட் ஒரு சின்ன மூலை மட்டுமே.

கல்லூரிகளுக்கு 'நாக்' இருப்பது பலருக்கும் தெரியும். கல்லூரி சுய ஆய்வு அறிக்கை எழுதும், அதை வைத்துத் தர மதிப்பீடு நடக்கும். பள்ளிகளுக்கு அப்படிக் கட்டாயத் தரச்சான்று முறை இல்லை. இந்தியத் தர கவுன்சிலின் கீழ் இயங்கும் 'நாபெட்' தரச்சான்று தருகிறது என்றாலும், விரும்பும் பள்ளிகள்தான் அதற்குப் போகின்றன. சிபிஎஸ்இ தன் பள்ளிகளுக்குத் தனியாக ஒரு சுய மதிப்பீட்டுச் சட்டகம் வைத்திருக்கிறது. அரசுப் பள்ளிகளையும் சேர்த்து நாடு முழுவதற்குமாக உருவாக்கப்பட்டதுதான் 'ஷாலா சித்தி'. தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாகப் பல்கலைக்கழகம் வடிவமைத்த இந்தத் திட்டம் 2015 நவம்பரில் தொடங்கப்பட்டது.

என்னதான் கேட்கிறார்கள்?

மொத்தம் 7 களங்கள், 46 தர அளவுகோல்கள். வளங்கள், கற்பித்தல், மாணவர் முன்னேற்றம், ஆசிரியர் மேம்பாடு, தலைமைத்துவம், பாதுகாப்பும் உள்ளடக்கமும், சமூகப் பங்கேற்பு என்று போகும். ஒவ்வொன்றுக்கும் 1, 2, 3 என்று பள்ளியே நிலை போட்டுக்கொள்ள வேண்டும். 3 என்றால் நல்ல நிலை.

வளங்கள் பகுதியில்தான் ஒரு சூட்சுமம். வகுப்பறை, நூலகம், குடிநீர், கழிப்பறை, சாய்தளம் என 12 விஷயங்களுக்கும் இரண்டு முறை நிலை போட வேண்டும். ஒன்று, 'இருக்கிறதா, போதுமா?' இன்னொன்று, 'தரமா, பயன்படுத்த முடிகிறதா?' சங்ககிரி பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற கழிப்பறை கட்டியாச்சு. முதல் கேள்விக்கு 3. ஆனால் மோட்டார் ரிப்பேர், தண்ணீர் ஏறவில்லை, பெண் பிள்ளைகள் மதியம் வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் இரண்டாவது கேள்விக்கு 1தான். ஒரே கட்டடத்துக்கு 3-ம் 1-ம் விழுவது தப்பில்லை. அந்த இடைவெளிதான் அறிக்கை சொல்ல வேண்டிய செய்தி. 12 வரியிலும் இரண்டு பத்தியும் ஒரே எண்ணாக இருந்தால், பள்ளியைச் சுற்றிப் பார்க்காமல் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்தே நிரப்பியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பூட்டிய பீரோவுக்குள் இருக்கும் நூலகத்துக்கும் இதே கணக்குதான்.

மார்க் வேறு, முன்னேற்றம் வேறு

மூன்றாவது களம்தான் ஃபிளெக்ஸ் போர்டோடு நேராக மோதுகிறது. வருகை, வகுப்பில் பங்கேற்பு, முன்னேற்றம், ஆளுமை வளர்ச்சி, அடைவு என ஐந்து அளவுகோல்கள். இதில் 'அடைவு' என்பது எங்கே போய் நிற்கிறான் என்பது. 'முன்னேற்றம்' என்பது எங்கிருந்து எவ்வளவு தூரம் வந்தான் என்பது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் பொறுக்கிச் சேர்க்கும் பள்ளியில் அடைவு தானாகவே உயரமாகத் தெரியும். அதில் பள்ளியின் பங்கு எவ்வளவு என்பதை முன்னேற்றம்தான் காட்டும்.

அதே கற்பனைப் பள்ளியில் ஆறாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஜூலையில் 30 பேர். தமிழில் ஒரு பத்தியைத் திக்காமல் வாசித்தவர்கள் 12 பேர், அதாவது 40 சதவீதம். மார்ச்சில் 29 பேரில் 20 பேர் வாசிக்கிறார்கள், 69 சதவீதம். எட்டுப் பேர் கூடிவிட்டார்கள் என்று அறிக்கையில் எழுதிவிடலாம், கேட்கவும் நன்றாக இருக்கும்.

ஆனால் பெயர்ப் பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தால் கதை கொஞ்சம் மாறும். தறி வேலை, லாரி ஓட்டம் என்று பிழைப்பு தேடிக் குடும்பம் ஊர் மாறும் பகுதி இது. வருஷத்துக்கு நடுவில் 4 பேர் டி.சி. வாங்கிப் போயிருக்கிறார்கள், அதில் ஒருவர் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர். புதிதாக 3 பேர் வந்திருக்கிறார்கள், மூவருமே ஏற்கெனவே வாசிப்பவர்கள். வருஷம் முழுக்க இருந்த 26 பேரை மட்டும் பார்த்தால் ஜூலையில் 11, மார்ச்சில் 17. ஆக, அந்த வகுப்பறையில் உண்மையில் வாசிக்கக் கற்றுக்கொண்டவர்கள் 6 பேர். அதுவும் சாதனைதான். அதைவிட முக்கியம், இன்னும் வாசிக்கத் தெரியாத 9 பேரின் பெயர் இப்போது கையில் இருக்கிறது. அடுத்த வருஷத் திட்டம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். சதவீதத்தை மட்டும் எழுதினால் அந்த 9 பெயரும் காணாமல் போய்விடும்.

கற்பித்தல் தரத்துக்கும் இதேபோல் தடயம் உண்டு. 'மாணவர் மையக் கற்பித்தல் பின்பற்றப்படுகிறது' என்ற வாக்கியம் எந்தப் பள்ளியின் அறிக்கைக்கும் பொருந்தும், அதனால் எதையும் சொல்லாது. கணக்கு நோட்டைத் திறந்து பாருங்கள். சிவப்பு டிக்கும் தேதியும் மட்டும் இருந்தால் நோட்டு திருத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். தப்பாகப் போட்ட கணக்குக்குக் கீழே அதே பையன் திரும்பச் சரியாகப் போட்டிருந்தால், அங்கே பாடம் நடந்திருக்கிறது.

எங்கே சொதப்புகிறது?

தானே மார்க் போடும் முறைக்கு இரண்டு வியாதி. 'குறைவாகப் போட்டால் மேலிடத்தில் கேள்வி வரும்' என்று எல்லாவற்றுக்கும் 3 போடுவது ஒன்று. 'குறைவாகக் காட்டினால்தான் நிதி வரும்' என்று வளங்களுக்கு மட்டும் 1 போட்டு, கற்பித்தலுக்கும் தலைமைத்துவத்துக்கும் 3 போட்டுக்கொள்வது இன்னொன்று. இரண்டாவது ரகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். குறையெல்லாம் கட்டடத்தில் இருக்கும், மனிதர்களிடம் ஒரு குறையும் இருக்காது!

படிவத்தின் கடைசிப் பகுதி மேம்பாட்டுத் திட்டம். எது அவசரம், எது அப்புறம் என்று முன்னுரிமை கொடுத்து, என்ன உதவி வேண்டும் என்றும் எழுத வேண்டும். இங்கே பல அறிக்கைகள் 'கூடுதல் ஆசிரியர் தேவை' என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடும். தேவை நிஜமாகவே இருக்கலாம். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர் இருக்க வேண்டும். ஆனால் ஆளை நியமிப்பது துறையின் கையில் இருக்கிறது, தலைமையாசிரியர் கையில் இல்லை. எனவே உருப்படியான திட்டம் வேலைகளை ஆள்வாரியாகப் பிரிக்கும். அந்த 9 பேருக்குத் தினமும் அரை மணி வாசிப்பு நேரத்தைப் பள்ளியே நாளைக்கே தொடங்கலாம். மோட்டார் ரிப்பேருக்குப் பள்ளி மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டு ஊராட்சியிடம் போகலாம். காலிப் பணியிடம் துறைக்கு.

மேலாண்மைக் குழுவுக்கு இதில் சட்டப்படியே இடம் உண்டு. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. 22ஆவது பிரிவு, பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்க வேண்டியது அந்தக் குழுதான் என்கிறது. லாரியில் போன அப்பா ஊர் திரும்பப் பல நாள் ஆகும் சங்ககிரி போன்ற ஊரில், கூட்டத்துக்கு வருவது பெரும்பாலும் அம்மாக்களாகத்தான் இருக்கும். அவர்கள் முன்னால் அறிக்கையை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து மட்டும் வாங்கினால், கழிப்பறைக்குப் போட்ட 3 அப்படியே நின்றுவிடும். வாசித்துக் காட்டினால், "எம்புள்ள வீட்டுக்கு வந்துதான் சார் போறா" என்று ஒருத்தர் சொன்னாலே போதும், அந்த எண்ணை அடித்துத் திருத்த வேண்டியிருக்கும்.