குறைந்ததா, குறைத்தார்களா? ஹூக்ளிக் கரையிலிருந்து ரூபாயைப் பற்றி

சென்ற வாரம் கொல்கத்தாவில் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில் மூத்த பேராசிரியர் ஒருவர் சொன்னார்: “தன் நாணயத்தின் மதிப்பைத் தானே நிர்ணயிக்க இயலாத நாட்டுக்கு இறையாண்மை எதற்கு? ரூபாயை ஒரு விலையில் கட்டி நிறுத்த வேண்டும்.” சுற்றி நின்ற மாணவர்கள் தலையசைத்தார்கள். நான் பொருளியல் மாணவன் அல்லன், மொழியியல் படித்தவன். ஆயினும் அந்த வாக்கியத்தில் எனக்குத் தென்பட்ட பிழை முதலில் ஓர் இலக்கணப் பிழை. அதைச் சற்று விரிவாகச் சொல்லவே இப்பதிவு.

‘நிலையான’ என்னும் அடை நாணயத்தைப் பொறுத்தவரை தனித்து நிற்காது. எதனோடு நிலையானது என்ற வினாவுக்கு விடை வேண்டும். உலகில் பல நாணயங்கள் உள்ளன. அவை ஒன்றுக்கொன்று நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒன்றோடு கட்டிக்கொண்டால் மற்றவற்றோடு மிதந்தே ஆகவேண்டும். இதை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இந்நகரம் 1949-இல் அதை அனுபவித்திருக்கிறது.

பிரிவினைக்குப் பின் வங்காளத்தின் சணல் தொழில் இரண்டாகக் கிழிந்தது. ரிஷ்ரா, டிட்டாகர், பாட்பாரா என ஹூக்ளியின் இரு கரைகளிலும் நின்ற ஆலைகள் இந்தியாவுக்கு வந்தன. அவற்றுக்குத் தேவையான கச்சாச் சணலின் பெரும்பகுதி விளைந்த வயல்கள் கிழக்கு வங்காளத்தில், அதாவது பாகிஸ்தானில் இருந்தன. இரு நாட்டு ரூபாய்களும் சமமதிப்புடையவையாக இருந்தமையால் எல்லை வந்த பின்னும் வணிகம் ஒருவாறு நடந்தது.

1949 செப்டம்பரில் பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைத்தது. இந்தியா பவுண்டோடு கட்டுண்டிருந்த நாடு. நம் வணிகத்தில் பெரும்பங்கு பவுண்டு வட்டாரத்தோடு நடந்தது. ஆகவே பவுண்டோடு சேர்ந்து இந்திய ரூபாயும் இறங்கியது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 3.31 ரூபாயாக இருந்த விகிதம் 4.76 ரூபாயானது. பாகிஸ்தான் இறங்க மறுத்தது. அதன் ரூபாய் 3.31-லேயே நின்றது. ஒரே இரவில் 100 பாகிஸ்தான் ரூபாய் 144 இந்திய ரூபாய்க்குச் சமமாயிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரு நாடுகளில் எதுவும் தன் நாணயத்தை மிதக்கவிடவில்லை. இந்திய ரூபாய் பவுண்டோடு அசையாது நின்றது. பாகிஸ்தான் ரூபாய் டாலரோடு அசையாது நின்றது. இரண்டும் ‘நிலையான’ நாணயங்களே. ஆனால் அவற்றுக்கிடையே இருந்த விகிதம் 44 விழுக்காடு நகர்ந்தது. பேராசிரியரின் சொல்லாட்சிப்படி இரண்டுமே இறையாண்மையைக் காத்த நாடுகள். அந்த இரண்டு இறையாண்மைகளுக்கு நடுவில் சிக்கியது சணல்.

பாகிஸ்தானின் முடிவு அறியாமையால் எடுக்கப்பட்டதன்று. அதன் வாதம் இது: சணலுக்கு உலகில் மாற்று அரிது, விலை கூடினாலும் வாங்குவோர் வாங்கியே தீர்வர், ஆகவே ஏற்றுமதியை மலிவாக்குவதால் நமக்கு ஆதாயமில்லை, மாறாக, ரூபாய் உயர்ந்து நின்றால் இறக்குமதி இயந்திரங்கள் மலிவாகும். புதிதாகத் தொழில்மயமாக விரும்பிய நாட்டுக்கு இது கவர்ச்சியான கணக்கே. இந்தியத் தரப்போ, சணல் பொருள்களை அமெரிக்காவில் விற்று டாலர் ஈட்ட வேண்டுமாயின் 44 விழுக்காடு கூடுதல் விலைக்குக் கச்சாச் சணல் வாங்க இயலாது என்றது. பாகிஸ்தானின் புதிய விகிதத்தை ஏற்க இந்தியா மறுத்தது.

விளைவு, வணிகம் ஏறக்குறைய நின்றுபோனது. கொல்கத்தா ஆலைகள் சணலின்றி வேலைநேரத்தைக் குறைத்தன. ஆண்டின் இறுதியில் இந்தியா பாகிஸ்தானுக்கு நிலக்கரி அனுப்புவதையும் நிறுத்தியது. 1951 பிப்ரவரியில் இந்தியா பாகிஸ்தானின் விகிதத்தை ஏற்றுக்கொண்ட பின்னரே வழமையான வணிகம் மீண்டது. அதற்குள் இந்தியா மேற்கு வங்காளம், அசாம், பீகார் ஆகிய இடங்களில் சணல் சாகுபடியை விரிக்கத் தொடங்கிவிட்டது. பாகிஸ்தான் நாராயண்கஞ்சில் தன் சொந்த ஆலைகளை எழுப்பத் தொடங்கிவிட்டது. ஆற்றால் இணைந்திருந்த ஒரு தொழில், ஒரு விகிதத்தைப் பற்றிய பிடிவாதத்தால் இருவேறு தொழில்களாயிற்று. பிரிவினை நிலத்தில் வரைந்த கோட்டை மாற்று விகிதம் சந்தையில் வரைந்தது.

இனி அந்த ‘வலுவான’ ரூபாயின் விலையை யார் கொடுத்தார் என்று பார்ப்போம். ஒரு கணக்குப் போடலாம். உலகச் சந்தையில் 10 டாலர் பெறும் சணலை ஒருவர் விற்கிறார் என்று கொள்வோம். 4.76 என்ற விகிதத்தில் அவர் கைக்கு 47 ரூபாய் 60 காசு வரும். 3.31 என்ற விகிதத்தில் வருவது 33 ரூபாய் 10 காசு. சணல் அதே சணல். உழைப்பு அதே உழைப்பு. குறைந்த 14 ரூபாய் 50 காசு எங்கே போயிற்று? அந்த 10 டாலரை 33 ரூபாய் 10 காசுக்கு அரசிடமிருந்து வாங்கி, இயந்திரம் இறக்குமதி செய்ய உரிமம் பெற்றவரிடம் போயிற்று. சணல் விளைவித்தவர் கிழக்கு வங்காளத்து உழவர். உரிமம் பெற்றவர்களோ பெரும்பாலும் மேற்குப் பாகிஸ்தானின் வணிகர்களும் ஆலை அதிபர்களும். வரி என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே ஒரு வரி வசூலிக்கப்பட்டது. பிற்காலத்தில் கிழக்கு வங்காளம் முன்வைத்த பொருளாதாரக் குறைகளில் இது முதன்மையான ஒன்றாக வளர்ந்ததில் வியப்பில்லை.

1950-இல் வெடித்த கொரியப் போர் சணல் விலையை உயர்த்தியதால் பாகிஸ்தானின் முடிவு சிறிது காலம் சரியெனத் தோன்றியது. போர்க்கால ஏற்றம் தணிந்ததும் அந்நியச் செலாவணி கரைந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1955-இல் பாகிஸ்தானும் தன் நாணயத்தை 4.76-க்கு இறக்கியது. ஆறாண்டுக் காலம் காத்த பெருமை முடிவில் அண்டை நாட்டின் விகிதத்துக்கே வந்து சேர்ந்தது.

இதிலிருந்து பெறும் பாடம், நிலையான விகிதம் எப்போதும் தீது என்பதன்று. நேபாளத்தைப் பாருங்கள். 1993 முதல் 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்ற விகிதம் அசையவில்லை. பூடானின் நுல்ட்ரம் நம் ரூபாய்க்குச் சமமாகவே இருந்து வருகிறது. இவற்றின் வணிகத்தில் மிகப்பெரும் பங்கு இந்தியாவோடு நடக்கிறது. நேபாளத்தின் கடல்வழிச் சரக்கு நம் கொல்கத்தாத் துறைமுகத்தின் வழியே செல்கிறது. எல்லை திறந்து கிடக்கிறது. அன்றாடம் அரிசியும் மருந்தும் வாங்கும் நாட்டோடு விகிதத்தைக் கட்டிக்கொள்வது அவர்களுக்கு அறிவுடைமை. ஆனால் அதற்கும் விலை உண்டு. டாலருக்கு எதிராக இந்திய ரூபாய் இறங்கும்போதெல்லாம் நேபாள ரூபாயும் உடன் இறங்குகிறது. மும்பையின் வட்டிக் கொள்கையிலிருந்து காத்மாண்டு வெகுதூரம் விலகிச் செல்ல முடியாது. இது பொருளியலார் அறிந்த பழைய உண்மை: நிலையான விகிதம், தடையற்ற மூலதன ஓட்டம், தன்விருப்பான வட்டிக் கொள்கை ஆகிய மூன்றில் ஒரு நாடு இரண்டையே வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். எதை விடுவது என்பதே தெரிவு. பல திசைகளிலும் வணிகம் செய்யும் பெரிய நாட்டுக்கு வட்டிக் கொள்கையை விடுவது கடினம். ஆகவே இந்தியா 1993 முதல் விகிதத்தைச் சந்தையிடம் விட்டு, வேண்டும்போது ரிசர்வ் வங்கியைத் தலையிடச் செய்கிறது.

அப்படியாயின் அரசுகள் ஏன் தகாத விகிதத்தையும் இறுதிவரை பிடித்துத் தொங்குகின்றன? விடை இலக்கணத்தில் இருக்கிறது என்பது என் துணிபு. மிதக்கும் நாணயத்தைப் பற்றி நாம் ‘ரூபாய் குறைந்தது’ என்கிறோம். அது தன்வினை, செய்தவர் எவருமில்லை. நிலையான நாணயத்தைப் பற்றி ‘ரூபாயைக் குறைத்தார்கள்’ என்கிறோம். அங்கே எழுவாய் உண்டு. எழுவாய்க்கு முகவரி உண்டு. 1966 ஜூனில் இந்திரா காந்தி அரசு டாலருக்கு 4.76-லிருந்து 7.50-ஆக ரூபாயைக் குறைத்தபோது எதிர்க்கட்சிகள் மட்டுமல்ல, காங்கிரஸ் தலைவராயிருந்த காமராசரே கடும் அதிருப்தி கொண்டார். அந்த எழுவாயாக இருக்க எந்த அமைச்சரும் விரும்புவதில்லை. ஆகவே ஒத்திப்போடுகிறார்கள். ஒத்திப்போடும் ஒவ்வொரு மாதமும் கையிருப்பைத் தின்கிறது.

இலங்கை அண்மைச் சான்று. 2021-இன் பிற்பகுதியிலிருந்து டாலரை ஏறத்தாழ 200 ரூபாயில் பிடித்து வைத்தார்கள். அந்த விலைக்கு வங்கியில் டாலர் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் உழைத்தோர் கூடுதல் விலை தந்த உண்டியல் வழியே பணம் அனுப்பினர். வங்கிக்கு வரும் டாலர் மேலும் சுருங்கியது. 2022 மார்ச்சில் விகிதத்தைக் கைவிட்டபோது காக்கக் கையிருப்பு இல்லை. சில வாரங்களில் டாலர் 300 ரூபாயைக் கடந்தது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நாடு நிறுத்தியது. படிப்படியாக இறங்கியிருக்க வேண்டியது செங்குத்தாக விழுந்தது. விகிதம் ‘நிலையாக’ இருந்த அம்மாதங்களிலும் விலை மாறிக்கொண்டுதான் இருந்தது. அது எரிபொருள் வரிசையின் நீளமாக வெளிப்பட்டது, அவ்வளவே.

எனவே, பேராசிரியருக்கு என் பணிவான மறுப்பு இது. கட்டி நிறுத்துவதில் இறையாண்மை இல்லை, மிதக்கவிடுவதிலும் இல்லை. மிதக்கும் விகிதத்திலும் இறக்குமதி எண்ணெயின் விலை ஏழையின் அடுப்பைத் தொடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விலை கண்ணுக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். கட்டி நிறுத்திய விகிதத்தின் விலை உரிமத்திலும் வரிசையிலும் ஒளிந்துகொள்ளும். உழவருக்குத் தாம் இழந்தது எவ்வளவு என்பதே தெரியாது. அடுத்த முறை ‘வலுவான ரூபாய்’ என்று எவரேனும் முழங்கினால் மூன்று வினாக்களைக் கேளுங்கள். எதனோடு கட்டியிருக்கிறீர்கள்? எவ்வளவு கையிருப்பைக் கொண்டு காக்கிறீர்கள்? அந்த 14 ரூபாய் 50 காசு யாருடையது?