புதுப் போர் கேட்கும் மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை



கடைசித் தெருக்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை, அதனால் இன்னொரு போர் போட வேண்டும் என்று ஒரு மனு உடையார்பாளையத்தில் சுற்றி வருகிறது. நான் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். "சாருக்கு வீட்டில் தண்ணீர் வருகிறது, அதான்" என்று ஒருவர் குரூப்பில் எழுதிவிட்டார். இன்னொருவர், ஜனங்கள் குழாயைத் திறந்துவிட்டு வீணாக்குவதுதான் காரணம் என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேங்கிலிருந்து எவ்வளவு போகிறது, வீடுகளுக்கு எவ்வளவு சேர்கிறது, நடுவில் மண்ணுக்குள் எவ்வளவு ஒழுகுகிறது? இந்த மூன்றில் ஒன்றைக்கூட மனுவில் காணோம். ஒழுகும் குழாயில் கூடுதல் தண்ணீரை விட்டால் அழுத்தம் கூடும், ஒழுகலும் கூடும். போர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் அளந்து பாருங்கள் என்கிறேன். ஒரு டேங்க், அதில் பிரியும் நாலு தெரு, ஒரே ஒரு இரவு போதும்.

ஏன் இரவு? பகலில் ஓடும் தண்ணீரில் எது உபயோகம், எது ஒழுகல் என்று பிரிக்க முடியாது. இரவு 2 மணியிலிருந்து 4 மணிக்குள் ஊரே தூங்கும். தறியும் ஓடாது. அப்போதும் டேங்க் மட்டம் இறங்கினால், அதில் பெரும்பகுதி ஒழுகல்தான்.

"இதெல்லாம் 24 மணி நேரமும் தண்ணீர் வரும் ஊருக்கு சார், நமக்கு ஒத்துவராது" என்று பொறியியல் படித்த என் மாணவன் ஒருவன் சொன்னான். அவன் சொன்னதில் பாதி உண்மை. ஆனால் வரலாற்றைப் பாருங்கள். 1865-இல் வறட்சி வந்தபோது இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்திலும் நம்மைப் போல நேரம் வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். அங்கே பொறியாளராக இருந்த ஜார்ஜ் டீக்கன் 1873-இல் ஒரு மீட்டர் செய்தார். ஒரு பகுதிக்குள் போகும் தண்ணீரை அது இரவு முழுக்கக் காகிதத்தில் கோடாக வரைந்தது. ஆட்கள் இரவில் போய் ஒவ்வொரு வால்வாக அடைத்தார்கள். எதை அடைத்தபோது கோடு சட்டென்று இறங்கியதோ, அங்கேதான் ஓட்டை. அப்படி ஒழுகலைக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் அந்த ஊரால் மறுபடி நாள் முழுக்கத் தண்ணீர் விட முடிந்தது.

நம் ஊருக்கு இதைக் கொஞ்சம் மாற்றிச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அன்று இரவு 10 மணிக்குத் தண்ணீரை விட்டு, விடியும்வரை வால்வை மூடாமல் வைக்க வேண்டும். வீடுகளில் சம்பும் குடமும் நிறையும்வரை காத்திருந்து, அதன் பிறகு அளக்க வேண்டும்.

இனிக் கணக்கு. நான் எடுத்துக்கொண்ட எண்கள்தான் இவை, நம் டேங்கின் எண்கள் அல்ல. உள்விட்டம் 6 மீட்டர் உள்ள வட்ட டேங்க், கொள்ளளவு ஒரு லட்சம் லிட்டர். வட்டத்தின் பரப்பளவை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு சென்டிமீட்டர் மட்டம் இறங்கினால் 283 லிட்டர் போயிருக்கிறது. அந்த டேங்கின் கீழே 400 வீடு, 1,600 பேர்.

முதலில் டேங்குக்குள் வரும் தண்ணீரையும் வெளியே போகும் வால்வையும் மூடி ஒரு மணி நேரம் பாருங்கள். அப்போதும் மட்டம் இறங்கினால் டேங்கே ஒழுகுகிறது, அல்லது வால்வு சரியாக மூடவில்லை. வால்வு மூடியிருக்கும்போது தெருக்குழாயில் தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், பக்கத்துப் பகுதியிலிருந்து எங்கோ இணைப்பு இருக்கிறது என்று பொருள். அதை அடைக்காமல் அளந்தால் எண் பொய்யாகிவிடும்.

பிறகு வால்வைத் திறந்து, கால் மணிக்கு ஒருமுறை மட்டத்தைக் குறியுங்கள். ஒரு மணிக்கு 14 சென்டிமீட்டர் இறங்குகிறது, அடுத்து 11, அடுத்து 9. இன்னும் சம்பு நிறைகிறது என்று அர்த்தம். 2 மணியிலிருந்து 9, 9, 9, 9 என்று எண் மாறாமல் நிற்கிறது. அந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும். மணிக்கு 36 சென்டிமீட்டர், அதாவது சுமார் 10,200 லிட்டர்.

இதில் நியாயமான உபயோகத்தைக் கழிக்க வேண்டும். வெளிநாட்டில் வழக்கமாக வைக்கும் கணக்கு, அந்த ஒரு மணி நேரத்தில் நூறு பேரில் ஆறு பேர் எழுந்து ஆளுக்கு 10 லிட்டர் செலவழிப்பார்கள் என்பது. 1,600 பேருக்கு 960 லிட்டர், ஆயிரம் என்றே வையுங்கள். மீதி 9,200 லிட்டர்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். உடனே 24-ஆல் பெருக்கி, நாளுக்கு 2,20,000 லிட்டர் ஒழுகுகிறது என்று நோட்டீஸ் அடித்துவிடுவார்கள். டேங்கே ஒரு லட்சம் லிட்டர்தான் கொள்ளும்! குழாயில் தண்ணீர் இருக்கும் நேரத்தில்தான் ஒழுகும். நாளுக்கு 3 மணி நேரம் விடுகிறார்கள் என்றால் 3-ஆல் பெருக்க வேண்டும். அதிலும், எல்லோரும் பிடிக்கும்போது அழுத்தம் குறைவு. இரவில் இருந்ததில் பாதி என்று வைத்தால் ஒழுகலும் ஏறக்குறைய பாதி. ஆக 13,800 லிட்டர். பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு 70 லிட்டர் என்பது மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் கையேடு சொன்ன அளவு. அந்தக் கணக்கில் இது 197 பேருக்கு ஒரு நாள் தண்ணீர். கடைசித் தெருவில் குடத்தோடு நிற்பவர்களுக்குச் சேர வேண்டிய தண்ணீர்.

அதே இரவில், கடைக்கோடியிலிருந்து ஒவ்வொரு தெரு வால்வாக மூடிக்கொண்டு வாருங்கள். முதல் தெருவை மூடினால் 9 என்பது 8 ஆகிறது. இரண்டாவதை மூடினால் மாற்றமில்லை. மூன்றாவதை மூடினால் 3 ஆகிறது. ஓட்டை மூன்றாவது தெருவில்தான். வால்வு தேய்ந்து முழுதாக மூடாவிட்டால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். அதனால் மூடியபின் அந்தத் தெருக்குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். பிறகு இரும்புக் கோலை வால்வின் மேல் ஊன்றிக் காதை வைத்தால் சீறும் சத்தம் கேட்கும். பிளாஸ்டிக் குழாயில் சத்தம் அதிக தூரம் வராது, நெருங்கி நெருங்கித்தான் கேட்க வேண்டும். தோண்டும் முன் அந்தத் தெரு வீடுகளின் சம்பையும் பாருங்கள். பால் வால்வு இல்லாமல் வழியும் ஒரு சம்பு, டேங்க் மட்டத்தில் மண்ணுக்குள் இருக்கும் ஓட்டையைப் போலவே காட்டும். அடைத்த பிறகு இன்னொரு இரவு அளந்தால்தான் வேலை முடிந்ததாகும்.

"ஜனங்கள்தான் வீணாக்குகிறார்கள்" என்றவருக்கு ஒரு கேள்வி. ராத்திரி இரண்டு மணிக்கு யார் குழாயைத் திறந்துவைக்கிறார்கள்? வழியும் சம்பு நாலு இருக்கலாம், அதையும் இந்த இரவே காட்டிக்கொடுத்துவிடும். அளக்காமல் கடைசித் தெருப் பெண்கள்மேல் பழி போடாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிறது. அப்போது எந்த ஓட்டை வழியாக நல்ல தண்ணீர் போனதோ, அதே ஓட்டை வழியாகப் பக்கத்துச் சாக்கடைத் தண்ணீர் உள்ளே வரும். மறுநாள் முதல் குடத்தில் அதுதான் விழும். புதுப் போர் இதைச் சரிசெய்யாது.

ஆகவே நான் வேறு மனு எழுதியிருக்கிறேன். ஒரு பகுதியில், ஓர் இரவு, பேரூராட்சி ஆட்களும் நாமும் சேர்ந்து அளப்போம் என்று கேட்டிருக்கிறேன். டேங்க் மேல் ஏற ஆபரேட்டர் இருப்பார். நோட்டும் கடிகாரமும் டார்ச் லைட்டும் நான் கொண்டுவருகிறேன். ஒழுகல் சொற்பம் என்று தெரிந்தால் மறுநாள் காலையிலேயே உங்கள் போர் மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.

என் கணக்கில் தப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். வகுப்பில் நீங்கள் தப்பைச் சுட்டிக்காட்டியபோது நான் கோபப்பட்டதில்லை, இப்போதும் படமாட்டேன்.

உங்கள் பழைய கணக்கு வாத்தியார்